ஒரே வரியில் கேட்ட பதில்

டிமார்க் என்ற மின்னஞ்சல் பாதுகாப்பு முறை பற்றிய அந்த வெபினாரில் ஒருவர் கேட்ட கேள்விக்கு நான் தெரியாது என்று சொல்லவில்லை. உங்கள் அறிக்கையைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன். எனக்கு இரண்டும் வேறு வேறு. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்படித்தான் பட்டதா என்பது இன்னும் பிடிபடவில்லை.

கேள்வியை நெறியாளர்தான் வாசித்தார். "எங்கள் டொமைன் பல மாதமாக p=none-இல் இருக்கிறது. நாளைக்கே p=reject போடலாமா, கூடாதா?" நான் விளக்க ஆரம்பித்ததும், "ஒரே வரியில சொல்லுங்க சார், நேரம் இல்ல" என்றார். அதே பதிலை இன்னும் சுருக்கமாகச் சொன்னேன். சின்ன மௌனம். அப்புறம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் பேசுவது, எழுதுவது எல்லாமே டிமார்க் பற்றித்தான். அதிலும் ஒரே ஒரு நகர்வு: p=none-இலிருந்து p=reject-க்குப் போவது. டிமார்க்கில், உங்கள் டொமைன் பெயரில் வேறு யாராவது போலியாக மெயில் அனுப்பினால் பெறுபவரின் சர்வர் என்ன செய்ய வேண்டும் என்பதை, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு வரியாக எழுதி வைக்கிறோம்.

```
v=DMARC1; p=none; rua=mailto:reports@example.com
```

none என்றால் எதையும் தடுக்காதே, என் பெயரில் எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து மெயில் வந்தது, எது தேறியது என்ற அறிக்கையை மட்டும் அனுப்பு. reject என்றால் சோதனையில் தேறாத மெயிலை உள்ளேயே விடாதே.

ஆரம்பத்தில் ஒரு தொழில்துறை இதழுக்கு 'மின்னஞ்சல் பாதுகாப்பு' என்று பொதுவாக ஒரு கட்டுரை எழுதித் தருவதாகக் கேட்டிருந்தேன். ஆசிரியர் மறுத்துவிட்டார். "இதை எழுத நிறைய பேர் இருக்காங்க. நீங்க தினமும் எதோட மல்லுக்கட்டுறீங்களோ அதை எழுதுங்க" என்றார். அப்போது மனத்தாங்கலாக இருந்தது. ஆனால் என் பெயர் நாலு பேருக்குத் தெரிய வந்தது அந்த மறுப்பினால்தான். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு டிமார்க்கைக் கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் குறைந்தபட்சம் p=none ஆவது வைத்திருக்க வேண்டும் என்றது கூகுள். எல்லோரும் அந்தக் குறைந்தபட்சத்தைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். அடுத்து என்ன என்று கேட்டவர்களுக்கு என் கட்டுரை கையில் கிடைத்தது. அதைப் பார்த்து ஒரு பேச்சுக்கு அழைத்தார்கள். அந்தப் பேச்சிலிருந்து வெபினார்கள் வந்தன. ஒவ்வொன்றும் முடிந்ததும் கேள்விப் பெட்டியில் வந்தவற்றை அப்படியே எடுத்து வைத்துக்கொள்வேன். வெவ்வேறு துறைக்காரர்கள் ஒரே கேள்வியைக் கேட்டால் அடுத்த கட்டுரை அதுதான்.

முதல் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: "நான்கு வாரம் அறிக்கைகளைப் படித்துவிட்டு மாறுங்கள்." அடுத்த வரியிலேயே நிபந்தனையும் இருந்தது. உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாச் சேவைகளும் அந்த நான்கு வாரத்துக்குள் ஒரு முறையாவது அனுப்பியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். வேறொருவர் பேசும்போது அவருடைய ஸ்லைடில் அந்த முதல் வரியை மட்டும் பார்த்தேன். நிபந்தனை இல்லை. நன்றி என்று என் பெயரைப் போட்டிருந்தார்.

அந்த நிபந்தனை ஏன் என்பதற்கு நான் கூடவே இருந்து பார்த்த ஒரு நிறுவனம் இருக்கிறது. சில வாரத்து அறிக்கைகளில் எல்லாம் சுத்தமாக இருந்தது. reject போட்டுவிடலாம் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். சம்பள நாள் வரட்டும் என்று நிறுத்தி வைத்தோம். அந்த நாள் அறிக்கையில் அதுவரை தலைகாட்டாத ஒரு ஐபி முகவரி வந்தது. சம்பளச் சீட்டை வெளியே ஒரு சேவை அனுப்பிக்கொண்டிருந்தது, மாதம் ஒரே ஒரு முறை. அந்த வரிசையில் எஸ்பிஎஃப் 'pass' என்றுதான் இருந்தது, டிமார்க்கில் 'fail'. முதல் முறை பார்க்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் சோதிப்பது மெயிலின் உறையில் இருக்கும் முகவரியின் டொமைனை வைத்து. அது அந்தச் சேவையின் சொந்த டொமைன், அதனால் தேறிவிட்டது. ஊழியர் கண்ணில் படும் From வரியில் இருப்பதோ நிறுவனத்தின் டொமைன். இரண்டும் பொருந்தினால்தான் டிமார்க் அதை ஏற்கும். இல்லையென்றால் நிறுவனத்தின் டொமைன் பெயரில் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பமாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. அந்தச் சேவையில் கையொப்பத்தை நிறுவனத்தின் டொமைனுக்கு மாற்றி, அதற்கான சாவியை டிஎன்எஸ்ஸில் ஏற்றினோம். அடுத்த சம்பள நாளில் தேறியது. முன்கூட்டியே reject போட்டிருந்தால் சம்பளச் சீட்டுகள் பலருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

மாதம் ஒரு முறை அனுப்புவது கண்ணில் பட்டது. காலாண்டுக்கு ஒரு முறை அனுப்புவது? வருடத்துக்கு ஒரு முறை? கேள்வி கேட்டவரின் நிறுவனத்தில் அப்படி எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? பல மாதமாக p=none-இல் இருக்கிறது என்றார். அந்த மாதங்களில் வந்த அறிக்கைகளை யாராவது திறந்து பார்த்தார்களா என்று சொல்லவில்லை. எக்ஸ்எம்எல் கோப்புகளாக வந்து ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்; அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் சொன்னது சரிதான். இங்கே வரும்போதெல்லாம் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் நிலைப்பதில்லை.

வெபினாரை நடத்தியவர் அன்று மாலையே அழைத்தார். கோபமாக எதுவும் பேசவில்லை. "சார், அவங்க இதுக்காகத்தான் வந்தாங்க. பார்த்துட்டுச் சொல்றேன்னா அது ஆலோசனைக் கட்டணம் கேக்குற மாதிரி இருக்கு. முதல்ல quarantine போடுங்கன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். கட்டணம் என் மனதில் இல்லை என்றேன். அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த quarantine விஷயத்தில் அவர் பக்கமும் நியாயம் உண்டு. அதைப் போட்டால் தேறாத மெயில் ஸ்பேமுக்குப் போகும், தேடினால் கிடைக்கும். உடனே எனக்குள்ளேயே மறுப்பும் எழுகிறது. மெயில் திருப்பப்பட்டால் அனுப்பிய சேவைக்காவது தெரியும். ஸ்பேமில் விழுந்தால் யாருக்கும் தெரியாமலே பல வாரம் ஓடிவிடும்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. none யாரையும் தடுப்பதில்லை. கேள்வி கேட்டவர் என் பதிலைக் கேட்டுவிட்டு, நிபுணரே தயங்குகிறார், நமக்கெதற்கு என்று அப்படியே விட்டிருந்தால், அவர்கள் பெயரில் போலி மெயில்கள் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும். என் எச்சரிக்கைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பது நான் இல்லை. இன்னொன்றும் உண்டு. என்னை அந்த மேடைக்குக் கொண்டுவந்தது 'நான்கு வாரம்' என்ற அந்த உறுதியான வரிதான். நிபந்தனையைப் படித்துவிட்டு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஒரே வரியில் சொன்னதால் பெயர் வாங்கியவன், ஒரே வரி கேட்டவரிடம் முடியாது என்றால் அது நியாயமா? நியாயம்தான் என்று சில நாள் தோன்றுகிறது. பெயர் வந்த பிறகு அந்த வரி எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும், முதலில் தெரியாது.

கேள்வி கேட்டவர் பெயர் போடாமல் கேட்டிருந்தார். தேடிச் சொல்ல வழியில்லை.

இப்போது கேள்வி நேரத்துக்கு முன்னாலேயே ஒன்று கேட்கிறேன்: "உங்கள் பெயரில் மெயில் அனுப்பும் சேவைகளில் மிக அரிதாக அனுப்புவது எது, கடைசியாக எப்போது அனுப்பியது?" இதற்குப் பதில் இருப்பவருக்கு என்னால் ஒரே வரியில் சொல்ல முடியும். பெரும்பாலானவர்களிடம் இருப்பதில்லை.

போன வாரம் புதிதாக ஓர் அழைப்பு வந்தது. '30 நாளில் p=reject' என்று தலைப்பை அவர்களே வைத்திருந்தார்கள். மாற்றச் சொன்னேன், இந்தத் தலைப்புக்குத்தான் ஆள் வரும் என்றார்கள், அது பொய்யும் இல்லை. கடைசியில் யாருக்கு 30 நாள் போதாது என்று ஒரு துணைத் தலைப்பு சேர்க்க ஒத்துக்கொண்டார்கள். நானும் சம்மதித்தேன். நேற்று அறிவிப்பு அட்டையை அனுப்பியிருக்கிறார்கள். துணைத் தலைப்பு இருக்கிறது, கைபேசியில் பெரிதாக்கினால் படிக்கலாம்.