கடைசி 24 பாஸ்வேர்டுகள்

நான் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளம், விடுப்பு, கொள்முதல் எல்லாவற்றுக்கும் ஒரே லாகின்தான். அதைக் கவனித்துக்கொள்வது எங்கள் குழு. ஒரு வருடம் ஆடிட்டர்கள் தந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது: கடைசி 3 பாஸ்வேர்டுகளை மட்டும்தான் மறுபடி வைக்கவிடாமல் தடுக்கிறீர்கள், அதை 24 ஆக்குங்கள். இந்த 24, அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனிலிருந்து வருகிறது. அங்கே இந்த அமைப்புக்கு உச்ச வரம்பு 24. டொமைனை நிறுவியதும் தானாக வந்து உட்காருவதும் அதே எண்தான். அதனால் மற்ற மென்பொருள்களிடமும் அதையே கேட்கிறார்கள்.

பார்த்தால் ஓர் எண்ணை மாற்றும் வேலை. ஆனால் அந்த எண் ஒவ்வொன்றாகக் கூடும்போது சர்வர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டை நாங்கள் அப்படியே சேமிப்பதில்லை. பிகிரிப்ட் என்ற முறையில், திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத ஹாஷாக வைக்கிறோம். டேபிளில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
$2b$12$<22 எழுத்து சால்ட்><31 எழுத்து ஹாஷ்>
```

சால்ட் என்பது ஹாஷ் செய்யும்போது பாஸ்வேர்டோடு சேர்க்கும் தற்செயலான எழுத்துகள். ஒவ்வொரு பழைய பாஸ்வேர்டுக்கும் அது வேறு. ஆகவே புதிய பாஸ்வேர்டை ஒரு தடவை ஹாஷ் செய்து, டேபிளில் தேடிவிட முடியாது. ஒவ்வொரு வரியின் சால்ட்டையும் எடுத்து, புதிய பாஸ்வேர்டை அதோடு சேர்த்துக் கணக்கிட்டு, பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் உள்ள 12 என்பது வேண்டுமென்றே வைத்த மந்தம்; எங்கள் சர்வரில் ஒரு கணக்குக்குக் கால் வினாடி ஆகும். 24 வரிக்கு 6 வினாடி. பொருந்தினால் பாதியில் நிறுத்திவிடலாம். ஆனால் ஒழுங்காகப் புதுப் பாஸ்வேர்டு யோசித்து வந்தவருக்கு எதுவும் பொருந்தாது, அவர்தான் 6 வினாடியும் காத்திருப்பார்.

அப்போது எங்களிடம் 45 நாளுக்கு ஒரு தடவை கட்டாய மாற்றமும் இருந்தது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரே நாளில் காலாவதியாகும். காலை ஷிப்ட் தொடங்கும்போது 200 பேர் சேர்ந்து மாற்ற வந்தால் 1,200 வினாடிக் கணக்கு. நான்கு கோர் சர்வரில் அது முழுசாக ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் சாதாரணமாக லாகின் செய்ய வருபவரும் அதே வரிசையில்தான் நிற்பார், ஏனென்றால் லாகினுக்கும் ஒரு ஹாஷ் வேண்டும்.

ஒருவருக்கு ஒரே சால்ட் வைத்தால் ஒரு கணக்கில் 24 வரியையும் பார்த்துவிடலாமே என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. வேகம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் டேபிள் வெளியே போய்விட்டால் திருடியவருக்கும் அதே வசதி கிடைக்கும்: ஓர் ஊகத்தை ஒரு தடவை கணக்கிட்டு, அந்த ஆளின் எல்லாப் பழைய பாஸ்வேர்டுகளோடும் ஒத்துப் பார்ப்பார். அதை விட்டுவிட்டோம்.

டேபிளைத் திறந்து பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பிகிரிப்டுக்கு மாறுவதற்கு முன் எங்கள் மென்பொருள் சால்ட் இல்லாத ஷா-1 என்ற வேகமான பழைய ஹாஷ் முறையைப் பயன்படுத்தியது. மாறியபோது, ஒவ்வொருவரும் லாகின் செய்யும் நேரத்தில் அவர் தட்டிய பாஸ்வேர்டை வைத்து ஹாஷைப் புதுப்பித்தார்கள். நடப்புப் பாஸ்வேர்டுக்கு அது சரி. ஹிஸ்டரியில் இருக்கும் பழைய பாஸ்வேர்டை யாரும் மறுபடி தட்டப்போவதில்லையே! அதனால் அந்த வரிகள் மட்டும் ஷா-1 ஆகவே கிடந்தன. இன்றைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பல நூறு கோடி ஷா-1 கணக்குப் போடும். அந்த ஷா-1 ஹாஷை அப்படியே பிகிரிப்டுக்குள் போட்டு மூடலாம், பாஸ்வேர்டு தெரியாமலே செய்ய முடிகிற வேலைதான் அது. நாங்கள் மொத்தமாக அழித்துவிட்டோம், ஏன் என்று ஆடிட்டருக்கும் எழுதிக் கொடுத்தோம்.

பழைய பாஸ்வேர்டுதானே, போனால் என்ன என்று கேட்கலாம். கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, “எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல தம்பி, பேரு அதேதான், கடைசி நம்பரை மட்டும் ஏத்திக்கிட்டே போறேன்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு புதுச் சொல்லை மனதில் வைக்கச் சொன்னால் மனிதர்கள் இதைத்தான் செய்வார்கள். அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் 2010-ல், காலாவதியான கணக்குகளின் பழைய ஹாஷ்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து ஊகத்துக்குள் சொல்ல முடிந்தது. ஹிஸ்டரி டேபிளில் ஒரு வரி உடைந்தால் இன்றைய பாஸ்வேர்டும் ஏறக்குறையக் கையில் வந்த மாதிரிதான்.

அக்காவின் முறையை ஹாஷால் கண்டுபிடிக்கவே முடியாது. ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். மாற்றும் திரையில் நடப்புப் பாஸ்வேர்டையும் தட்டச் சொல்வதால், அந்த ஒன்றோடு மட்டும் புதியதை எழுத்தெழுத்தாக ஒப்பிடலாம். பாஸ்வேர்டை மறந்து ரீசெட் லிங்க் வழியே வருபவரிடம் அதுவும் இல்லை. புதியதன் கடைசி எண்ணைக் குறைத்துக் குறைத்து ஹிஸ்டரியோடு ஒப்பிடலாம் என்றால், ஐந்து மாற்றுக்கு 30 வினாடி கூடும்.

அப்புறம், 24 தடுத்தால் ஒரே மாலையில் 25 தடவை மாற்றி, பிடித்த பாஸ்வேர்டுக்கே திரும்புகிறவர்களும் உண்டு. அதைத் தடுக்க, ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் மாற்றலாம் என்று கூடவே ஒரு விதி வைப்பார்கள். காலையில் மாற்றியவர் மதியம் தட்டும்போது யாரோ எட்டிப் பார்த்துவிட்டால், அன்று அவரால் மாற்ற முடியாது. ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் செய்ய வேண்டும். விண்டோஸ் டொமைனில் நிர்வாகி ரீசெட் செய்தால் சாதாரணமாக ஹிஸ்டரியே பார்க்கப்படாது என்பதும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டியது.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், காரணமின்றிக் காலவாரியாக மாற்றச் சொல்லக் கூடாது என்று 2017-ல் பரிந்துரைத்தது. 2025 பதிப்பில் அதைக் கண்டிப்பான விதியாகவே எழுதிவிட்டது. கார்டுத் துறையின் பிசிஐ விதியே கடைசி 4 போதும் என்கிறது. இந்த இரண்டையும், கூடவே ஐந்து நிமிடக் கணக்கையும் வைத்து ஆடிட்டர்களிடம் பேசினோம். 45 நாள் விதியை எடுத்தோம், ஹிஸ்டரியை 4 ஆக்கினோம். கசிந்தது என்று தெரிந்த பாஸ்வேர்டின் வரிக்கு மட்டும் தனி அடையாளம். அது எத்தனை மாற்றம் ஆனாலும் டேபிளை விட்டுப் போகாது. ஹிஸ்டரி உண்மையிலேயே தேவைப்படுவது அந்த இடத்தில்தான் என்பது என் கருத்து: திருடனுக்குத் தெரிந்த சொல்லுக்கு ஒருவர் திரும்பிவிடக் கூடாது.

விண்டோஸிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம். தவறாகத் தட்டிய பாஸ்வேர்டு, ஹிஸ்டரியின் கடைசி இரண்டில் ஒன்றாக இருந்தால், கணக்கைப் பூட்டும் எண்ணிக்கையில் அதைச் சேர்ப்பதில்லை. பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள், போனில் சேமித்த பழையதே திரும்பத் திரும்பப் போய்க் கணக்கு பூட்டிக்கொள்ளும் தொல்லை இதனால் நின்றது. இதற்கு, தவறும் லாகினில் அரை வினாடி கூடுதலாகிறது. “இது உங்கள் பழைய பாஸ்வேர்டு” என்று லாகின் திரையில் காட்டுவதில்லை. பழையதைத் திருடி வைத்திருப்பவருக்கு அது நல்ல துப்பாகிவிடும். ரீசெட் திரையில் மட்டும் காட்டுகிறோம், ஒரு லிங்குக்கு ஐந்து முயற்சி என்ற வரம்போடு.