புள்ளிக்குப் பின்னாடி

ஜூன் 10
ஒன்பதாம் வகுப்புக்கு அடிப்படைத் தேர்வு வச்சாச்சு. இருபது கேள்வி, எல்லாம் ஆறு ஏழு எட்டுல படிச்சதுதான். 38 பேப்பர். மழை வேற, பையில வச்சும் ஓரமெல்லாம் நனைஞ்சு போச்சு.

ஜூன் 11
ஹெச்எம் மார்க் லிஸ்ட் மட்டும் கேக்கறாங்க. மார்க்.

ஜூன் 12
ராத்திரி பதினொண்ணு. ஜன்னலோரப் பொண்ணு பேப்பர்லயே நிக்கறேன். "எது பெரியது" கேள்வி ரெண்டும் சரி, 0.6 / 0.45ல 0.6, 0.25 / 0.7ல 0.7. தசமத்துல பிரச்சனை இல்லன்னு டிக் போட்டுட்டு அடுத்த பக்கம் போனா, பெருசுல இருந்து சிறுசா எழுதச் சொன்னதுல 0.5, 0.3, 0.47னு வரிசை. 0.47 கடைசியாம்! அப்ப மேல இருக்கற ரெண்டும் எப்படி சரியாச்சு? கொஞ்ச நேரம் முழிச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சது, நான் குடுத்த ரெண்டு ஜோடிலயும் இலக்கம் கம்மியா இருக்கறதுதான் பெருசு. இலக்கம் கம்மியா இருந்தா பெருசுன்னு நினைக்கற புள்ளைக்கு முழு மார்க் போட்டுக் குடுத்திருக்கேன். தப்பு கேள்வித்தாள்ல, அதாவது என்கிட்ட.

ஜூன் 13
இன்னைக்கு கணமொழி ஆரம்பிச்சிருக்கணும். ஆரம்பிக்கல. பத்து நிமிஷத்துல ஆறே ஜோடி மட்டும் குடுத்தேன். மூணுல இலக்கம் கம்மியா இருக்கறது பெருசு (0.6 / 0.45, 0.25 / 0.7, 0.5 / 0.386), மூணுல இலக்கம் அதிகமா இருக்கறது பெருசு (0.3 / 0.47, 0.625 / 0.4, 0.2 / 0.85). வரிசையைக் கலைச்சுப் போட்டேன், இல்லன்னா பசங்க மோப்பம் புடிச்சிடுவாங்க.

ஜூன் 14
21 பேர் ஆறும் சரி. 9 பேர் எல்லாத்துலயும் நீளமா இருக்கறதையே வட்டம் போட்டிருக்காங்க, 5 பேர் குட்டையா இருக்கறதையே. 3 பேர் எனக்குப் புரியல, ஊகமா இருக்கலாம். இந்த ஒன்பதுக்கும் அஞ்சுக்கும் மார்க் ஒண்ணுதான், ஆறுக்கு மூணு. லிஸ்ட்ல பாத்தா எல்லாரும் "பாதி தெரியும்". ஆனா ஒருத்தருக்கு சரியானதெல்லாம் அடுத்தவருக்கு தப்பு. இவங்களை ஒரே பெஞ்சுல உக்கார வச்சு ஒரே பாடம் நடத்தினா என்ன பிரயோஜனம்.

ஜூன் 16
கூப்பிட்டு ஒவ்வொருத்தரா படிக்கச் சொன்னேன். ஒன்பது பேர்ல ஏழு பேர் 0.45ஐ "புள்ளி நாப்பத்தஞ்சு"ங்கறாங்க. நாப்பத்தஞ்சு ஆறைவிட பெருசு, அவ்ளோதான், கணக்கு முடிஞ்சது. நாமளும் கடையில, பஸ்ல அப்படித்தானே சொல்றோம். ஒரு பையன் மட்டும் 0.7ஐப் பாத்து "அப்படி வராதே மிஸ், புள்ளி ஆறு வந்தா ஓவர் முடிஞ்சிடும்"ங்கறான். கிரிக்கெட்! சிரிச்சுட்டேன், ஆனா அவன் சீரியஸா கேட்டான். ஓவர்ல புள்ளிக்குப் பின்னாடி இருக்கறது பந்தோட எண்ணிக்கை, பத்துல பங்கு இல்லன்னு சொல்லவே கால் மணி நேரம் ஆச்சு.

ஜன்னலோரப் பொண்ணு "புள்ளி நாலு ஏழு"ன்னு சரியாவே படிக்குது. அப்புறம் ஏன் 0.3 பெருசுன்னு கேட்டா, "நூறா வெட்டினா துண்டு சின்னதுதானே மிஸ், பத்தா வெட்டினா பெருசு." துண்டோட அளவு சரி. எத்தனை துண்டுங்கறதை விட்டுடுச்சு. பின்னம் நல்லாவே தெரிஞ்ச புள்ளை, அதனாலதான் மாட்டிக்கிச்சு.

ஜூன் 17
போர்ஷன். போர்ஷன். ஹெச்எம் ரெண்டு தடவை.

ஜூன் 18
சார்ட் பேப்பரை ஒரு மீட்டர் பட்டையா வெட்டிக் குடுத்தேன். பத்து சென்டிமீட்டர் துண்டு சிவப்பு, ஒரு சென்டிமீட்டர் துண்டு வெள்ளை. 0.3க்கு மூணு சிவப்பு, 0.47க்கு நாலு சிவப்பு ஏழு வெள்ளை. அந்தப் பொண்ணு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் தானாவே 0.6க்கும் 0.60க்கும் வைக்க ஆரம்பிச்சுது, அறுபது வெள்ளைத் துண்டு, ஒவ்வொண்ணா. ஃபேனைப் போட்டா பறக்கும்னு நானே எழுந்து ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டும் ஒரே இடத்துல முடிஞ்சது, கிட்டத்தட்ட, கத்தரிக்கோல் வேலை அப்படி.

ஜூன் 19
தலைவலி.

ஜூன் 20
பக்கத்து செக்‌ஷன் சார், "பின்னாடி பூஜ்யம் போட்டு நீளத்தை சமமாக்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை"ன்னாரு. தெரியும். 0.60, 0.45னு எழுதினா அறுபது பெருசு, விடை சரியா வந்துடும். ஆனா அப்பவும் முழு எண்ணைத்தான் ஒப்பிடறாங்க, புள்ளியை யாரும் பாக்கல. சந்தேகமா இருந்துச்சு, ஆறும் சரியா போட்ட 21 பேர்கிட்டயே போய் 0.6க்கும் 0.7க்கும் நடுவுல ஒரு எண் சொல்லுங்கன்னேன். 8 பேர் "ஒண்ணும் இல்ல மிஸ்." அடுத்த மாசம் இவங்களுக்குத்தான் மெய்யெண்கள் நடத்தப் போறேன், எண்கோட்டுல.

ஜூன் 21
ஜன்னலோரப் பொண்ணு லீவு. அந்தக் கேள்வியை அதுகிட்ட இன்னும் கேக்கல.