இடுப்பளவுத் தண்ணீர்

சோழமண்டலக் கரையில் ஒரு சிறிய சமுதாய வானொலியில் சில ஆண்டுகள் செய்தி எழுதினேன். மீன்பிடிக் குடும்பங்களும் உப்பள வேலைக்குப் போகிறவர்களும்தான் எங்களைக் கேட்டவர்கள். வலை பின்னிக்கொண்டோ குழம்பு கொதிக்கும்போதோ கேட்பார்கள். பத்திரிகையில் புரியாத வரியைத் திரும்பப் படிக்கலாம். வானொலியில் அதற்கு வழியில்லை. ஒரு வாக்கியம் காதில் விழும் அந்த ஒரு தடவையில் கண்முன் எதுவும் வரவில்லை என்றால் அது போய்விட்டது.

இது எனக்கு உறைத்தது ஒரு புயல் எச்சரிக்கையின்போது. வானிலை மையத்திலிருந்து வந்த குறிப்பை அப்படியே வைத்து எழுதியிருந்தேன்: "புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் வழக்கமான ஓதத்தைவிட ஒரு மீட்டர் உயரத்துக்குப் புயல் அலைகள் எழுந்து, தாழ்வான பகுதிகளில் கடல்நீர் உட்புக வாய்ப்புள்ளது." இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஒலிபரப்புக்கு முன், நிலையத்துக்குப் பக்கத்தில் கருவாடு விற்கும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "என்னக்கா புரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"புயல் வருது, அலை ஒரு மீட்டர் எழும்பும். எந்த அலைய நாங்க பாக்கல தம்பி?" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ஒரு மீட்டர் அலை என்பது அந்தக் கரையில் ஒரு சாதாரண நாளின் அலை. என் வாக்கியம் அவர் மனதில் தினமும் பார்க்கும் கடலைத்தான் காட்டியது. அந்தக் குறிப்பு சொல்லவந்ததோ வேறு. புயல் நெருங்கும்போது காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அதனால் கடல்மட்டமே உயர்ந்துவிடும். அலைகள் அந்த உயர்ந்த மட்டத்தின் மேல் எழும்பி வரும். "அலை" என்ற சொல்லைக் கேட்டதும் வந்து திரும்பும் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. இதுவோ ஏறி நிற்கும். வாய்க்கால் வழியாக ஊருக்குள் புகுந்து வீட்டின் பின்பக்கமாகவும் வரும்.

2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரை அடித்தபோது இதே சிக்கல் பேரழிவின் ஒரு பகுதியாக இருந்தது. புயலில் கடல்மட்டம் இப்படி ஏறுவதன் ஆங்கிலப் பெயரான "ஸ்டார்ம் சர்ஜ்" வரும் என்று எச்சரிக்கை போயிருந்தது. அந்தச் சொல் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பலர் பின்னால் சொன்னார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல்.

அப்படியானால் நாமும் சுனாமி என்றே சொல்லிவிடலாமா? நிலையத்தில் ஒருவர் அதைத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2004 டிசம்பரைக் கண்ட கரை இது. அந்தச் சொல்லைக் கேட்டால் மக்கள் அந்த நிமிடமே ஓடுவார்கள், புயல் கடக்கும் நேரமோ இன்னும் பல மணி நேரம் தள்ளி இருக்கும். ஓடிப்போய் எதையும் காணாமல் வீடு திரும்பி, சரியான நேரத்தில் உள்ளே படுத்திருப்பார்கள். பொருந்தாத காட்சி எத்தனை தெளிவாக இருந்தாலும் ஆபத்துதான்.

கடைசியில் இப்படி எழுதினேன்:

"கடல்மட்டம் ஒரு மீட்டர் உயரும். அமாவாசை அன்று கடல் எதுவரை ஏறுமோ, அந்த இடத்தில் இன்று இரவு பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு முகம்வரை வரும். வந்த தண்ணீர் அலைபோல உடனே திரும்பிப் போகாது."

ஒரு மீட்டர் என்ற எண்ணை எடுத்துவிடக் கூடாது. அது அதிகாரபூர்வ எச்சரிக்கை, அதோடு அடுத்த அறிவிப்பில் ஒன்று ஒன்றரையாக மாறினால் ஒப்பிட அது வேண்டும். எண்ணுக்கு அடுத்த மூச்சிலேயே காட்சி வந்தால் போதும். அப்புறம், "எங்கிருந்து ஒரு மீட்டர்" என்ற கேள்விக்கு, கடல் ஏறி இறங்குவதைக் குறிக்கும் ஓதம் என்ற சொல் பதில் தரவில்லை, அமாவாசைக் கடல் ஏறும் இடம் தந்தது. அந்த இடம் எது என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

காட்சியாக எழுதிவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைத்து நான் சறுக்கிய இடமும் உண்டு. 20 சென்டிமீட்டர் மழை என்பதைப் புரியவைக்க, "முற்றத்தில் நேரான அண்டாவை வைத்தால் கிட்டத்தட்ட ஒரு சாண் நிரம்பும்" என்று எழுதினேன். கணக்கு சரி. ஆனால் கேட்டவர்கள் "ஒரு சாண்தானே" என்று நிம்மதியாகிவிட்டார்கள். மழை அண்டாவுக்குள் விழுந்து அங்கேயே நிற்பதில்லையே. மேட்டில் பெய்ததெல்லாம் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். நான் காட்டிய படத்தில் அந்த ஓட்டம் இல்லை. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 20 சென்டிமீட்டர் என்றால் 200 லிட்டர். 600 சதுர அடி மாடி ஒன்றில் மட்டும் 11,000 லிட்டர், ஏறத்தாழ ஒரு தண்ணீர் லாரி. அதனால் அடுத்த முறை, "தெருவில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஒரு தண்ணீர் லாரியைத் திறந்துவிட்டதுபோல. அத்தனையும் உங்கள் தெருக்கோடி வாய்க்காலுக்குத்தான் போகும்" என்று மாற்றினேன். கேட்டவர்களின் முதல் பேச்சே வாய்க்காலைப் பற்றியதாக இருந்தது. அதில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது.

காற்றுக்கு இந்த வேலையை எனக்கு முன்பே செய்துவைத்திருக்கிறார்கள். 1805-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த அளவுகோல், கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்பதை வைத்துக் காற்றைச் சொன்னது. நூறாண்டு கழித்து, 1906-இல் ஜார்ஜ் சிம்ப்சன் அதைத் தரைக்கு ஏற்ப எழுதினார். குடை பிடிப்பது கஷ்டமாகும், மரத்தின் சிறு கிளைகள் ஒடியும், இப்படியே போகும். அதைப் படித்த பிறகு "பலத்த காற்று" என்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒரு குறை என்னவென்றால், அந்த வரிசை ஒவ்வொரு படியும் எவ்வளவு வேகமாக மோசமாகிறது என்பதைக் காட்டாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ்ஸின் ஜன்னலில் முகத்தில் அறையும் காற்றை எல்லாருக்கும் தெரியும். "120 கிலோமீட்டர் என்றால் அதைப்போல நான்கு மடங்கு தள்ளும்" என்று அதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாக்கியம் உள்ளே போய்விட்டதா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி பழகிவிட்டது. போகவில்லை என்றால், கேட்டவர் என் சொற்களையே எனக்குத் திருப்பித் தருவார்: அலை, ஒரு மீட்டர், வாய்ப்புள்ளது. போய்விட்டது என்றால், நான் எழுதாத ஒன்றைக் கேட்பார்.

மாற்றி எழுதிய தாளை அந்த அக்காவிடம் அன்று மறுபடி படித்தேன். கருவாட்டுக் கூடையை மூடிக்கொண்டே கேட்டவர், கையை இடுப்பில் வைத்துச் சற்று நேரம் வீட்டுப் பக்கமே பார்த்தார்.

"அப்ப அரிசிய எங்க தம்பி வைக்கிறது?" என்றார்.

தாளில் இன்னொரு வரி சேர்த்தேன். அரிசி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள் மூன்றையும் பையில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, இருட்டுவதற்குள் பள்ளிக்கூடத்து மாடிக்கு வந்துவிடுங்கள். ஆறு மணிச் செய்தியில் முதலில் போனது அந்த வரிதான்.