மாதம் 100 ரூபாய் கூடுதல்: அதற்குள் இருந்த 10.8% வட்டி

என் டேர்ம் பாலிசிக்கு ஆண்டுப் பிரீமியம் 24,000 ரூபாய். மாதா மாதம் கட்டினால் 2,100. பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட், "மாசம் நூறு ரூபா தானுங்க சார் கூட வருது. ஒரேயடியாக் கட்டற பாரம் இல்லீங்களே" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 1,200 ரூபாய் கூடுதல், அதாவது 5%. ஆனால் நான் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். தவணையில் ஏதாவது வாங்கினால் அதன் உண்மையான வட்டி என்ன என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அந்த 5% வட்டி விகிதம் அல்ல என்பது மட்டும் உடனே தெரிந்தது.

முதலில் சரியான இரண்டு எண்களை எடுக்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து மாதம் போவது 2,100 அல்ல, 2,184. பாலிசி பத்திரத்தில் விவரப் பட்டியல் இருக்கும் பக்கத்தில் 'ஆனுவலைஸ்டு பிரீமியம்' 24,000 என்று இருக்கும். அந்தத் தொகையில் வரி, ரைடர் எனப்படும் துணைக் காப்பீட்டுக்கான கட்டணம், தவணைக்கான கூடுதல் எதுவும் சேராது. என் பாலிசியில் விபத்து ரைடர் ஒன்று உண்டு. அதற்கு ஆண்டுக்கு 960, மாதமானால் 84. வங்கியில் போகும் 2,184-ஐப் பன்னிரண்டால் பெருக்கி 24,000-உடன் ஒப்பிட்டால் கூடுதல் 9 சதவீதத்துக்கு மேல் காட்டும். அது தவறான கணக்கு. ரைடரை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் விட வேண்டும். ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அது இல்லை. அதற்கு முந்தைய ரசீதை வைத்துப் பார்ப்பவர்கள் இரண்டு தொகையிலும் வரி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

பத்திரத்தோடு வந்த திட்ட விளக்கக் கையேட்டில் 'மோடல் ஃபேக்டர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அரையாண்டுக்கு 0.51, காலாண்டுக்கு 0.26, மாதத்துக்கு 0.0875. ஆண்டுப் பிரீமியத்தை இதால் பெருக்கினால் தவணைத் தொகை வரும். 24,000 பெருக்கல் 0.0875, சரியாக 2,100.

இனி வட்டி. 24,000 ரூபாயை ஆண்டுத் தொடக்கத்தில் கட்டியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே முதல் தவணை 2,100 கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் கம்பெனி எனக்குக் கடனாக விட்டு வைத்தது 21,900 மட்டுமே. அடுத்த மாதம் இன்னொரு 2,100 போகிறது, கடன் குறைகிறது. கடைசித் தவணை பதினோராம் மாத முடிவில் போய்விடும். ஆக, முழு 24,000-ஐ நான் ஓராண்டு வைத்திருக்கவே இல்லை. முதல் தவணைக்குத் தாமதம் பூஜ்யம், கடைசித் தவணைக்கு 11 மாதம். சராசரி ஐந்தரை மாதம். ஐந்தரை மாதத்துக்கு 5% என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவு? 5-ஐ 12-ஆல் பெருக்கி 5.5-ஆல் வகுத்தால் 10.9%. பேப்பரும் பேனாவும் இருந்தால் போதும், கிட்டத்தட்டச் சரியான விடை வந்துவிடும்.

துல்லியமாகத் தெரிய எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்டில் இதைப் போட்டேன்:

```
=RATE(12,-2100,24000,0,1)*12
```

10.8% வந்தது. மாதம் 0.9%. கடைசியில் இருக்கும் அந்த 1 மிக முக்கியம். தவணை மாதத் தொடக்கத்திலேயே கட்டப்படுகிறது என்பதை அதுதான் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் முதல் தவணையும் ஒரு மாதம் கழித்துப் போவதாகக் கணக்காகி, 9.1% என்று குறைத்துக் காட்டும். விடை சரியா என்று கையாலும் பார்த்தேன். 21,900-க்கு ஒரு மாத வட்டி 197 ரூபாய். அதைச் சேர்த்து 2,100-ஐக் கழித்தால் 19,997. இப்படியே போனால் பதினோராம் மாதத்தில் பாக்கி பூஜ்யத்தில் வந்து நிற்கிறது.

மற்ற இரண்டையும் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் கூடியது. காலாண்டுக்கு மொத்தக் கூடுதல் 4% மட்டும்தான், மாதத்தைவிட மலிவு போலத் தோன்றும். ஆனால் சராசரித் தாமதம் நாலரை மாதம்தான் என்பதால் வட்டி 10.7%. மாதத் தவணைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அரையாண்டில் கடன் 11,760, ஆறு மாதம் கழித்து 12,240 கொடுக்கிறேன்; ஆண்டுக்கு 8.2%. கூடுதல் சதவீதத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் இது கண்ணில் படாது.

எல்லாப் பாலிசியும் இப்படி அல்ல. என் தங்கை எல்.ஐ.சி.யின் எண்டோமென்ட் பாலிசி ஒன்றுக்கு மாதா மாதம் கட்டுகிறாள். அதில் கூடுதல் என்று எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை கட்டுபவர்களுக்குப் பிரீமியத்தில் 2% தள்ளுபடி. திருப்பிப் பார்த்தால், 98 ரூபாய்க்குப் பதில் 100 கட்டுகிறாள். அதே சூத்திரத்தில் வட்டி நாலரை சதவீதத்துக்குள் வருகிறது. "அண்ணா, நானும் மாத்தணுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்மா, உன் பணம் எஃப்.டி.யிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தக் கூடுதல் முழுவதையும் வட்டி என்று சொல்வது கம்பெனிக்கு நியாயமாகாது. பன்னிரண்டு முறை வசூலிக்கும் செலவு அதில் உண்டு. இன்னொன்றும் உண்டு: ஆண்டு நடுவில் பாலிசிதாரர் இறந்தால் மீதித் தவணைகள் என்னாகும்? சில பாலிசிகளில் அந்த ஆண்டுக்கான பாக்கித் தவணைகளைக் கிளெய்ம் தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அப்படிப் பிடித்தால் இது அசல் கடனேதான். பிடிக்காவிட்டால் அந்த அபாயத்துக்கான விலையும் கூடுதலில் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். என் பத்திரத்தின் நிபந்தனைகளைப் படித்தேன், பிடித்துக்கொள்வதாகத்தான் இருந்தது. மாத முறையில் சலுகைக் காலமும் 15 நாள்தான், மற்ற முறைகளில் 30. சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் இந்தப் பதினைந்து நாள் வித்தியாசம் பெரிது.

ஆண்டு முறைக்கு மாறுவது என்று முடிவு செய்தேன். என் பாலிசியில் பாலிசி ஆண்டு தொடங்கும் தேதியில் மட்டுமே மாற்ற முடியும். எனக்கு அது ஜனவரியில். அதற்கு முன்பே கிளையில் விண்ணப்பம் கொடுத்து, கட்டும் முறை மாறியதற்கான கடிதம் கையில் வந்த பிறகே வங்கியில் ஆட்டோ டெபிட்டை ரத்து செய்தேன். முதலில் ரத்து செய்துவிட்டு விண்ணப்பம் தாமதமானால், நடுவில் ஒரு தவணை தவறிப் பாலிசி காலாவதியாகும் ஆபத்து உண்டு.

ரைடரோடு சேர்த்து 24,960 ரூபாய் ஒரே தடவையில் வேண்டும். தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்தேன், அதிலிருந்து கட்டினேன். போனஸ் இல்லையென்றால் ஓராண்டு அரையாண்டு முறையில் ஓட்டிவிட்டு மாறியிருப்பேன். மாதம் போய்க்கொண்டிருந்த அதே 2,184-ஐ இப்போது 12 மாத ஆர்.டி.யில் போடுகிறேன். அடுத்த ஜனவரியில் 26,208 சேரும். பிரீமியம் போக 1,248 மிஞ்சும். வங்கி 6.5% கொடுத்தால் வட்டியாக ஏறத்தாழ 900 ரூபாயும் கூடவே வரும்.