230 எப்படி முதலாகும்? கலவைக் கணக்கில் நான் விட்ட பிழை

போன கிழமை பெறுபேறு வந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன், இனி நேர்முகம்தான். இது என்னுடைய இரண்டாவது தடவை. முதல் தடவை எப்படிப் போனது என்பதைச் சொல்லாமல் இந்தத் தடவையைப் பற்றி எழுத முடியாது. உளச்சார்பு வினாத்தாளின் அமைப்பு, நேரம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் எனக்கு அடி விழுந்த ஓர் இடத்தை மட்டும் எழுதுகிறேன்: கலவைக் கணக்கு, அதாவது அலிகேசன்.

முதல் தடவை வந்த வினா ஏறக்குறைய இப்படி இருந்தது. எண்களை நினைவிலிருந்து எழுதுகிறேன், வினாவின் போக்கு இதேதான்.

"கிலோ 180 ரூபா அரிசியையும் கிலோ 220 ரூபா அரிசியையும் எந்த விகிதத்தில் கலந்து, கிலோ 230 ரூபாவுக்கு விற்றால் 15% இலாபம் கிடைக்கும்?"

விடைகள்: 1:1, 1:5, 5:1, 3:1.

நான் அலிகேசனை நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். இரண்டு விலையையும் மேலே எழுது, கலவை விலையை நடுவில் எழுது, குறுக்கே கழி, வந்ததை விகிதமாக்கு. அப்படியே செய்தேன். 220க்கும் 230க்கும் வித்தியாசம் 10. 230க்கும் 180க்கும் வித்தியாசம் 50. 10:50, அதாவது 1:5. விடையிலும் 1:5 இருந்தது. இருபது செக்கனில் முடிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

வினாவைத் தயாரித்தவர் அந்த 1:5ஐ எனக்காகவே வைத்திருக்கிறார். குறுக்கே கழிக்கும்போது பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. முறைப்படி 220இலிருந்து 230ஐக் கழித்திருந்தால் -10 வந்திருக்கும், அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்கும். நான் குறியை விழுங்கிவிட்டு வித்தியாசத்தை மட்டும் எடுத்தேன். கணக்கு ஒரு சத்தமும் போடாமல் பிழையாக முடிந்தது.

அன்று பின்னேரம் சுன்னாகம் சந்தைப் பக்கம் மாமாவின் கடைக்குப் போனேன். மாமா அரிசிக் கடை வைத்திருக்கிறார். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். சோதனை எப்படி என்று கேட்டார். அரிசிக் கணக்கு ஒன்று வந்தது மாமா என்று பெருமையாகச் சொன்னேன். விடையையும் சொன்னேன். அவர் எடை போட்டுக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"எட தம்பி, 180க்கும் 220க்கும் வாங்கின சாமானைக் கலந்தா முதல் எங்க வந்து நிக்கும்? ரெண்டுக்கும் நடுவில தானே. பிறகு 230 எப்பிடி முதலாகும்? அதுக்குள்ள என்ர லாபமெல்லோ கிடக்கு."

அவ்வளவுதான். நான் ஒரு வருசம் ரியூசனுக்குப் போய்ப் படித்தது அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். இரண்டு பொருள்களைக் கலந்தால் கலவையின் சராசரி விலை அந்த இரண்டு விலைகளுக்கும் இடையில்தான் விழும். மலிவானதை எவ்வளவு கூட்டினாலும் 180க்குக் கீழே போகாது, விலை கூடியதை எவ்வளவு கூட்டினாலும் 220க்கு மேலே போகாது. ஆகவே நடுவில் எழுதப்போகிற எண் 180க்கும் 220க்கும் இடையில் இல்லையென்றால் அது கலவையின் கொள்விலை அல்ல, வேறு ஏதோ. இந்த வினாவில் அது விற்பனை விலை.

இலாபத்தைக் கழற்ற வேண்டும். 230 என்பது 115 பங்கு. ஒரு பங்கு 2 ரூபா, 100 பங்கு 200 ரூபா. 200 இடையில் விழுகிறது. 220 - 200 = 20, 200 - 180 = 20. விடை 1:1.

இங்கே இன்னொரு குழியும் உண்டு. 230இன் 15 வீதத்தைக் கண்டு அதைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். 34.50 கழித்தால் 195.50 வரும். அதுவும் இடையில்தான் விழும், ஆனால் பிழை, ஏனென்றால் இலாபம் கொள்விலையின் மீது. அந்தப் பிழை வேறு வழியில் காட்டிக்கொடுக்கும்: 24.5:15.5, சுருக்கினால் 49:31. விடைத்தெரிவுகளில் அப்படி ஒரு விகிதத்தைக் காணமாட்டீர்கள். அசிங்கமான விகிதம் வந்தால் நடுவெண்ணைத் திரும்பப் பாருங்கள்.

இதற்குப் பிறகு ஒரு வருசம் நான் இந்த ஒரு விஷயத்தையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். என்னுடன் படித்த நண்பன் இதைக் கேலி செய்வான். அவனுக்குக் கை வேகம், மனக்கணக்கு அப்படியே வரும். எனக்கு வராது. போட்ட கணக்கை நம்பாத ஆள் நான், கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற சாதி. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு கூடப் பயன்படும். வேகக்காரர்கள் இதோடு நிறுத்திவிட்டுப் போகலாம்.

ஏனென்றால் "இடையில் விழுகிறதா" என்பது மட்டும் போதாது. இதை நான் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுபிடித்தேன். அதே வினாவில் விலையைக் கிலோ 210 என்றும் இலாபத்தை 5% என்றும் மாற்றுங்கள். 210 இடையில்தான் இருக்கிறது. பார்த்தவுடன் சந்தேகம் வராது. நேரே போட்டால் 10:30, அதாவது 1:3. பிழை. இலாபத்தைக் கழற்றினால் 105 பங்குக்கு 210, 100 பங்குக்கு 200, திரும்பவும் 1:1தான்.

விடையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கவனமாகப் போட வேண்டும். 1:3ஐ வைத்துப் பாருங்கள்: 180 ஒரு பங்கு, 220 மூன்று பங்கு, மொத்தம் 840, நான்கால் வகுத்தால் 210. ஆகா, சரி வந்துவிட்டது என்று தோன்றும். நாம் நடுவில் எழுதிய எண்ணே திரும்பி வருகிறது, வராமல் எங்கே போகும்? சரிபார்ப்பு வினாவின் கடைசி வரி வரை போக வேண்டும். 210க்கு 5% இலாபம் சேர்த்தால் 220.50. வினாவில் விற்ற விலை 210. அங்கேதான் பொய் வெளிக்கும்.

அப்புறம் விகிதம் தலைகீழாகப் போவது. இலாபமே இல்லாத நேர்க் கணக்கு, கலவை விலை 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். 190 மலிவு விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே மலிவு அரிசிதான் கூட இருக்க வேண்டும். மலிவு 30 பங்கு, விலை கூடியது 10 பங்கு, 3:1. தெரிவுகளில் 1:3உம் இருக்கும், அது நிச்சயம். வினாவில் "விலை கூடியதையும் மலிவானதையும்" என்று வரிசையை மாற்றிக் கேட்டிருந்தால் 1:3தான் விடை. எண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பொருள் கூட, பிறகு வினாவின் வரிசைப்படி எழுது. நான் வினாத்தாளில் அந்த இரண்டு சொற்களுக்கும் கீழே கோடு போட்டுவிடுவேன்.

இந்தச் சாய்வை வைத்துக் கணக்குப் போடாமலே தெரிவுகளை வெட்டவும் முடியும். இந்தத் தடவை எனக்கு உண்மையில் நேரம் மிச்சமானது இதில்தான். "கிலோ 150 ரூபா பருப்பு 6 கிலோவுடன் இன்னொரு வகை 4 கிலோவைக் கலந்தால் சராசரி கிலோ 170 ரூபா. இரண்டாவது வகையின் விலை என்ன?" தெரிவுகள் 160, 180, 190, 200.

150, தெரியாத விலை, இரண்டுக்கும் நடுவில் 170 நிற்க வேண்டும். ஆகவே விலை 170க்கு மேல், 160 போய்விட்டது. இரண்டாவது வகை அளவில் குறைவு, குறைவான பொருள் சராசரியிலிருந்து தூரத்தில் நிற்கும். முதலாவது 20 ரூபா தூரத்தில் நிற்கிறது என்றால் இரண்டாவது அதைவிடத் தூரம், அதாவது 190க்கும் மேல். 180உம் 190உம் போய்விட்டன. மிச்சம் 200. நம்பிக்கையில்லாத ஆள் என்பதால் பெருக்கியும் பார்த்தேன்: 1700இலிருந்து 900 போக 800, நான்கால் வகுக்க 200.

என் வெற்றுத்தாளில் கலவை வினாவுக்கு எப்போதும் எழுதுகிறவை:

- இரண்டு விலையையும் சிறியது இடம், பெரியது வலம் என்று ஒரு கோட்டில். நடுவெண்ணை அந்தக் கோட்டிலேயே அதன் இடத்தில் புள்ளி வைத்து. கோட்டுக்கு வெளியே போனால் நிறுத்து.
- "விற்றால்", "இலாபம்", "நட்டம்" என்ற சொல் வினாவில் இருந்தால் புள்ளி வைக்க முதலே கொள்விலைக்கு மாற்று.
- அலகு. ஒரு விலை கிலோவுக்கும் மற்றது 500 கிராமுக்கும் தந்திருப்பார்கள்.
- கழித்தல் எப்போதும் குறியோடு.

கோடு வரைவது குழந்தைத்தனமாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். பெருக்கல் குறி போலப் போடுகிற அந்த வழக்கமான அலிகேசன் படத்தில் எண்கள் தங்கள் இடத்தில் நிற்பதில்லை, 230ஐயும் நடுவில் எழுத அது இடம் கொடுத்துவிடும். என்னை வீழ்த்தியது அந்தப் படம்தான் என்று இன்னும் கோபம் இருக்கிறது.

ஒரு வகைக்கு மட்டும் இதைக் கொண்டுபோகாதீர்கள்: பாலை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுகிற வினா. 40 லீற்றர் பாலில் 4 லீற்றரை எடுத்து அதே அளவு தண்ணீர் ஊற்றுகிறார், இன்னொரு தரமும் அப்படியே செய்கிறார், மிச்சப் பால் எவ்வளவு என்று வரும். அங்கே இரண்டு விலை இல்லை. ஆனால் வேறு வேலி போடலாம். முதல் தரத்துக்குப் பிறகு 36. இரண்டாம் தரம் எடுக்கிற 4 லீற்றர் முழுவதும் பால் இல்லை, ஆகவே மிச்சம் 32க்கு மேல், 36க்குக் கீழ். 36இல் பத்தில் ஒரு பங்கு போக 32.4. தெரிவில் 32 இருக்கும், அவசரக்காரருக்கு.

பெறுபேறு வந்த அன்று மாமாவுக்குத்தான் முதல் கோல் எடுத்தேன். சந்தோசப்பட்டார். பிறகு, அந்த 230 கணக்கு இந்த முறையும் வந்ததோ என்று கேட்டார். வரவில்லை. வந்தது பருப்பு.