புது வேலை பற்றி லிங்க்ட்இனில் எழுதியபோது

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருந்ததால், லிங்க்ட்இனில் ஒரு பதிவு போட நினைத்தேன்.

ஆஃபர் லெட்டர் வந்த அன்றே போடவில்லை. பின்னணிச் சரிபார்ப்பு அதற்குப் பிறகும் நடக்கும், பழைய இடத்தில் நோட்டீஸ் காலமும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஊருக்கே சொல்லிவிட்டு ஏதாவது தள்ளிப்போனால் எல்லோருக்கும் சங்கடம். சேர்ந்து முதல் வாரம் முடிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்பே புரொஃபைலில் புதுப் பதவியைச் சேர்த்துவிட்டேன். அந்தப் படிவத்தில் Notify network என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்து வைத்தேன். இல்லையென்றால் தளமே ஒரு அறிவிப்பைக் கிளப்பிவிடும், அப்புறம் நான் எழுதுவது இரண்டாவது அறிவிப்பாகத் தெரியும்.

எழுதுவதில்தான் நேரம் பிடித்தது. "பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்" என்று ஆரம்பிக்கும் பதிவுகளை நிறையப் பார்க்கிறோம். அடுத்த வரியிலேயே எத்தனை பேரில் ஒருவராகத் தேர்வானோம், எத்தனை ஆஃபர்களை வேண்டாமென்று சொன்னோம் என்று வந்துவிடும். பணிவு என்ற சொல்லை எழுதுவதால் பணிவு வந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். அதனால் என்னைப் பற்றி ஒரே ஒரு வரி, மீதி முழுக்க மற்றவர்கள் செய்ததைப் பற்றி என்று வைத்துக்கொண்டேன். சம்பளம், இன்டர்வியூ சுற்றுகளின் எண்ணிக்கை, பழைய நிறுவனத்தை ஏன் விட்டேன் என்பது எதுவும் வேண்டாம்.

"வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி" என்பதும் எனக்குப் போதவில்லை. அது யாருக்குச் சொன்னது என்று அவர்களுக்கே தெரியாது. என் பழைய டீம் லீட் கோட் ரிவியூவில் ஒரு கேள்வியை விடாமல் கேட்பார்: "இந்த ரிக்வெஸ்ட் ரெண்டு தடவை வந்தா என்ன ஆகும்?" நெட்வொர்க் தடுமாறி, பணம் கட்டும் ரிக்வெஸ்டை ஆப் மறுபடி அனுப்பினால், வாடிக்கையாளரிடம் பணம் இரண்டு முறை பிடிக்கப்படலாம். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு தனி அடையாளச் சாவி கொடுத்து, அதே சாவி மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்து விளக்கியவர் அவர்தான். இன்டர்வியூவில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான். ஆனால் அங்கே கேட்ட கேள்வியை வெளியே சொல்வது முறையல்ல, அதனால் ரிவியூவைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அப்புறம் பெயர்களை டேக் செய்யும் விஷயம். ஒருவரை டேக் செய்தால் அது அவருடைய தொடர்பில் இருப்பவர்களுக்கும் போய்ச் சேரலாம். என்னை ரெஃபர் செய்த நண்பரிடம் முதலிலேயே கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம், நாளையிலிருந்து எல்லாரும் ரெஃபரல் கேட்பாங்க" என்றார். என்னோடு சேர்ந்து படித்த இன்னொருவர் இப்போதும் அமைதியாக வேலை தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பெயரைப் போட்டால் அவருடைய மேலாளர் கண்ணில் படக்கூடும். ஆகவே சம்மதம் சொன்ன டீம் லீடை மட்டும் டேக் செய்தேன்.

3,000 எழுத்து வரை எழுத அந்தத் தளம் இடம் கொடுக்கிறது. ஆனால் முதல் சில வரிகளுக்குப் பிறகு மடித்துவிடும், மீதியைப் படிக்க more என்பதை அழுத்த வேண்டும். அதனால் செய்தியும் நன்றியும் தொடக்கத்திலேயே வருமாறு அமைத்தேன். கடைசியில் நின்றது இதுதான்:

"இந்த வாரம் புதிய நிறுவனத்தில் பேக்எண்ட் டெவலப்பராகச் சேர்ந்தேன். இதில் என் பழைய டீம் லீடுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஒவ்வொரு ரிவியூவிலும் 'இது ரெண்டு தடவை வந்தா என்ன ஆகும்?' என்று கேட்பார். இப்போது கோட் எழுதும்போதெல்லாம் அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன். மிக்க நன்றி அண்ணா. வேலை முடிந்து வந்த களைப்பிலும் என்னோடு மாதிரி இன்டர்வியூ நடத்திய, பெயர் சொல்ல வேண்டாம் என்ற நண்பர்களுக்கும் நன்றி. புது டீமில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது."

வாழ்த்துச் சொன்னவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரியாவது பதில் எழுதினேன். "அங்கே வேலை இருக்கா?" என்று தனியே கேட்டவர்களுக்கு, நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்க இணைப்பையும், எங்கள் டீமில் அன்றாடம் எந்த மாதிரி வேலை இருக்கும் என்பதையும் அனுப்புகிறேன். சேர்ந்த புதிதில் ரெஃபர் செய்வதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதற்கான விதிமுறையை ஹெச்ஆரிடம் கேட்டிருக்கிறேன்.