மொட்டைமாடித் தண்ணீரை சம்ப்புக்குக் கொண்டுவந்த கதை

சென்னை மேற்கு மாம்பலத்தில் எட்டு வீடுகள் கொண்ட பழைய அபார்ட்மெண்ட் எங்களுடையது. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பிறகு கட்டியது. அதனால் அந்த அமைப்பு இருக்கத்தான் செய்தது. மாடியிலிருந்து நான்கு பைப்புகள் இறங்கும், ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு மூன்றடி ஆழத்தில் ஜல்லி கொட்டிய குழி. மழை பெய்தால் அரைமணி நேரத்தில் குழி நிரம்பித் தண்ணீர் கார் பார்க்கிங் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். அப்புறம் ஏப்ரலில் லாரிக்குப் போன் போடுவோம்.

குழி ஏன் உறிஞ்சவில்லை என்பதற்குக் காரணம் மண். எங்கள் பக்கம் மேலே களிமண்தான். ஜல்லிக்கு இடையில் பல வருஷத்துச் சேறும் இறுகிப்போயிருந்தது. அதைச் சுத்தம் செய்து திரும்ப ஜல்லி போட்டால் போதும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் வேறு கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் மாடி 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு, ஈரமாகி ஆவியாவதைக் கழித்தாலும், 1,900 லிட்டர் கிடைக்கும். ஆறேழு சென்டிமீட்டர் பெய்யும் ஒரு ஐப்பசி ராத்திரியில் 12,000 லிட்டர் லாரி ஒன்று மாடியிலேயே வந்து நிற்கிறது. அதை முதலில் சம்ப்பில் பிடிப்போம், மிச்சத்தை மண்ணுக்கு விடுவோம் என்றேன். லாரிக் கணக்கு சொன்னதும் எதிர்ப்பு குறைந்துவிட்டது.

வேலை தொடங்கும் முன் செய்த ஒரு காரியத்தை எல்லோருக்கும் சொல்லுவேன். மழையில்லாத நாளில் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு பைப்பின் அடியிலும் போய் நின்று பாருங்கள். மூன்று பைப்புகள் எலும்பாகக் காய்ந்திருந்தன. பின்பக்கத்து பைப்பின் வாயில் ஈரம், கொஞ்சம் நுரை, சோப்பு வாசனை. மேலே ஏதோ ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை பால்கனி ஓட்டை வழியாக மழைநீர் பைப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் நான்கையும் சம்ப்பில் இணைத்திருந்தால் எட்டு வீடும் துணி அலசிய தண்ணீரில் குளித்திருக்கும். அந்த பைப்பை ஒதுக்கினோம். கிடைக்கும் தண்ணீரில் கால் பங்கு போனது, பரவாயில்லை.

மீதி மூன்றையும் தரையோரமாக ஒரே நான்கு அங்குல பைப்பில் சேர்த்து சம்ப் பக்கம் கொண்டுவந்தோம். அங்கே ஒரு டீ இணைப்பு, இரண்டு வால்வு. ஒன்றைத் திறந்தால் தண்ணீர் வெளியே போகும், மற்றதைத் திறந்தால் ஃபில்டருக்குப் போகும். சீசனின் முதல் மழையும், நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு வரும் மழையும் மாடியில் உள்ள தூசி, புறா எச்சம், காய்ந்த இலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அது வெளியே போகட்டும். பார்க்கிங்கில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மக் தொங்குகிறது. வாட்ச்மேன் அதில் பிடித்துப் பார்ப்பார், மக்கின் அடி தெளிவாகத் தெரிந்தால் வால்வை மாற்றுவார். தானாக இயங்கும் அமைப்புகளும் கடையில் கிடைக்கின்றன, எங்களுக்கு மக் போதுமாக இருக்கிறது.

ஃபில்டரில்தான் பிளம்பரோடு வாக்குவாதம். 200 லிட்டர் நீல டிரம்மில் அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கு மேல் மணல் என்பது அவர் எப்போதும் செய்வது.

“மணல் இல்லாம அது என்ன சார் ஃபில்டர்?” என்றார்.

“ஒரு மணி நேரத்துல அஞ்சு சென்டிமீட்டர் அடிச்சா நிமிஷத்துக்கு 140 லிட்டர் வரும். ஒன்றரை நிமிஷத்துல டிரம் ரொம்பிடும். மணல் அவ்வளவு வேகமா விடுமாண்ணே?”

அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் மணலும் போடவில்லை. கழுவிய கூழாங்கல், அதன் மேல் நைலான் வலை, அவ்வளவுதான். மண்ணை சம்ப்பின் அடியில் படியவிட்டு வருஷம் ஒருமுறை கழுவிக்கொள்ளலாம். மணல் அடைத்துக்கொண்டால் நல்ல தண்ணீர் முழுக்க டிரம்மின் வாய் வழியாக வழிந்து போகும். பல கட்டடங்களில் நடப்பது இதுதான். டிரம்மின் கழுத்திலும் சம்ப்பின் மேல்பக்கத்திலும் ஓவர்ஃப்ளோ பைப் வைத்து, இரண்டையும் உறைக்கிணற்றுக்கு விட்டோம்.

உறைக்கிணறு வெட்டியது மே மாதத்தில், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும்போது. மூன்றடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகள். வெட்டியவர்களிடம் ஒரே நிபந்தனை: அடி கணக்கில்லை, மணல் வரும்வரை. கறுப்புக் களிமண் பிசுபிசுவென்று வந்துகொண்டே இருந்தது. பதினோரு அடியில் நிறம் மாறி, கையில் பிடித்தால் உதிர்கிற மணல் வந்தது. அதற்குக் கீழும் நாலடி போனோம். உள்ளே ஜல்லி எதுவும் போடவில்லை. வெறுமையாக விட்டால் ஒரே நேரத்தில் 3,000 லிட்டர் நிற்கும், சேறு சேர்ந்தால் அள்ளவும் முடியும். மேலே கனமான கான்கிரீட் மூடி, குழந்தைகள் இருக்கிற இடமல்லவா.

பார்க்கிங்கில் விழும் மழைக்குத் தனி வழி. கேட்டின் குறுக்கே கம்பி மூடி போட்ட வாய்க்கால், அதிலிருந்து ஒரு சின்ன வண்டல் தொட்டி, அப்புறம் உறைக்கிணறு. இந்தத் தண்ணீரை சம்ப்புக்கு விடவே கூடாது, வண்டி எண்ணெய் கலந்திருக்கும். கேட்டருகே கார் கழுவுவதையும் அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டோம்.

கிணறு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மழை நின்றதும் கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, ஈரம் எதுவரை என்று பார்க்கிறோம். மறுநாள் திரும்பப் பார்த்தால் நீர் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். நாலைந்து நாள் அப்படியே நின்றால் அடியில் சேறு மூடியிருக்கிறது, இல்லையென்றால் மணலைத் தொடவில்லை என்று அர்த்தம்.

கேட்காமலே சொல்லிவிடுகிறேன், போர்வெல் தண்ணீரில் இதுவரை பெரிய மாற்றமில்லை. நாம் இறக்கும் தண்ணீர் நம் மனைக்கடியிலேயே காத்திருக்காது, தெருவில் பல வீடுகள் செய்தால்தான் மட்டம் ஏறும். உடனே தெரிந்த பலன் சம்ப்பில்தான். அதற்கும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. வாட்ச்மேன் ராத்திரி படுக்கும் முன் போர் மோட்டாரைப் போட்டு சம்ப்பை நிரப்பிவிடுவார். நிரம்பிய சம்ப்பில் மழை எங்கே இறங்கும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரவில் சம்ப் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று இப்போது ஏற்பாடு.

பெசன்ட் நகரில் தனி வீட்டில் இருக்கும் என் அக்காவுக்கு இத்தனை பாடு இல்லை. அங்கே மேலிருந்தே கடற்கரை மணல், கொல்லையில் பழைய கிணறும் இருக்கிறது. மாடி பைப்பை ஒரு செங்கல் தொட்டிக்குக் கொண்டுவந்து, வலை வைத்து, அங்கிருந்து கிணற்றுக்குள் விட்டார்கள். மாமா முதலில் ஓடிக்கொண்டிருக்கும் போரிலேயே விடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்தேன், மாடி மண் போய் போரை அடைத்துவிடும்.

எங்களுக்கு ஆன செலவு வீட்டுக்குப் பத்தாயிரத்துக்குள். செப்டம்பரில் மாடி பெருக்கி, கூழாங்கல்லைக் கழுவி, வண்டல் தொட்டியைக் காலி செய்கிறோம். உறைக்கிணற்றில் சேறு எடுக்க மட்டும் வெட்டியவர்களையே கூப்பிடுகிறோம், மூடிய கிணற்றில் காற்று இல்லாமல் போகலாம், தெரியாத ஆளை இறக்கக் கூடாது. அந்த நாலாவது பைப் இன்னும் அப்படியேதான். வாஷிங் மெஷின் எந்த வீட்டுடையது என்று கண்டுபிடித்தாயிற்று, கழிவுநீர் லைனுக்கு மாற்ற குடியிருப்பவர் ஓனரைக் கேட்க வேண்டும் என்கிறார், ஓனர் துபாயில் இருக்கிறார்.